அரிசிக்கு ரசீது இல்லை

சிறுவாடு என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் யாரும் விளக்கம் கேட்பதில்லை. வீட்டுச் செலவுக்குக் கொடுத்த பணத்திலிருந்து பெண் பிடித்து வைத்த மிச்சம் அது. முட்டை விற்ற காசும், விருந்தாளி போகும்போது கையில் வைத்த நோட்டும் அதில் சேரும். சாமளாபுரத்தில் தறி ஓடாத தெருவே இல்லாத காலத்தில் காலியான நூல் கோனுக்குள் பணத்தைச் சுருட்டி வைத்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பணத்தின் இருப்பிடம் கணவனுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கும் கணவன் நல்லவன்.

தன் வீட்டில் தானே உழைத்து மிச்சப்படுத்திய பணத்தை ஒரு பெண் ஏன் ஒளித்து வைக்க வேண்டியிருந்தது? இந்தக் கேள்வி எனக்கு மீண்டும் வந்தது என்னிடம் படித்த ஒரு பெண்ணால். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். கல்யாணமாகி இரண்டு மாதம். "மேம், ரெண்டு பேரும் ஒரே அக்கவுண்ட்டா வெச்சுக்கலாம்ங்கறாருங்க. எங்கம்மா, உன் சம்பளம் உன் பேர்லயே கெடக்கட்டும்ங்கறாங்க. எதுங்க மேம் சரி?" என்று கேட்டாள். கூட்டுக் கணக்கா, தனித்தனிக் கணக்கா என்பதைத்தான் அவள் கேட்டாள். இரண்டுக்கும் நம் நாட்டில் வரலாறு உண்டு. கூட்டுக் கணக்கிலும் பெண்கள் பணத்தை இழந்திருக்கிறார்கள், தனிக் கணக்கிலும் இழந்திருக்கிறார்கள்.

முதலில் கூட்டுக் கணக்கு. 1928 இல் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் ஒரு இந்திய வழக்கைத் தீர்த்தது. குரன் தித்தா எதிர் ராம் தித்தா என்பது வழக்கின் பெயர். ஒரு இந்துக் கணவர் தன் பணத்தைத் தன் பெயரிலும் மனைவி பெயரிலும் சேர்த்து வங்கியில் போட்டிருந்தார். இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒருவர் இறந்தால் இருப்பவர் எடுக்கலாம் என்பது ஏற்பாடு. இன்றும் வங்கிப் படிவத்தில் 'ஈதர் ஆர் சர்வைவர்' என்று நாம் குறியிடும் அதே ஏற்பாடுதான். கணவர் இறந்தார். பணம் மனைவிக்குத்தானே என்று நாம் நினைப்போம். பிரிவி கவுன்சில் அப்படி நினைக்கவில்லை.

இங்கிலாந்தில் அப்போது ஒரு அனுமானம் இருந்தது. கணவன் மனைவியின் பெயரில் பணம் போட்டால் அது அவளுக்குக் கொடுத்த கொடை என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்பவர் அதை நிரூபிக்க வேண்டும். இந்தியாவில் அந்த அனுமானத்துக்கு இடமில்லை என்றது தீர்ப்பு. இங்கே ஆண்கள் பல காரணங்களுக்காக மனைவியின் பெயரைப் பயன்படுத்துவது வழக்கம். பெயர் இருப்பதாலேயே பொருள் அவளுடையது ஆகிவிடாது. ஆகவே கணவர் கொடையாகக் கொடுத்தார் என்பதற்குத் தனிச் சான்று இல்லாதவரை பணம் அவருடையதே, அவருக்குப் பின் அவருடைய வாரிசுகளுடையது. சுதந்திரத்துக்குப் பின் 1971 இல் உச்ச நீதிமன்றமும், ஒரு தந்தை மகனோடு சேர்ந்து வைத்திருந்த வங்கிப் பணம் பற்றிய வழக்கில், இதே வழியில்தான் சென்றது.

கூட்டுக் கணக்கு பற்றி வங்கியின் மேசையில் யாரும் சொல்லாத செய்தி இதில் இருக்கிறது. 'ஈதர் ஆர் சர்வைவர்' என்பது, பணத்தை யாரிடம் கொடுத்தால் வங்கியின் பொறுப்பு தீரும் என்பதற்கான ஏற்பாடு. அந்தப் பணம் யாருடையது என்பதை அது தீர்மானிப்பதில்லை. இருவரில் ஒருவர் ஒரே நாளில் முழுப் பணத்தையும் எடுத்தாலும் வங்கி ஏன் என்று கேட்காது. பின்னர் சண்டை வந்தால், எவருடைய சம்பளம் உள்ளே வந்தது என்பதைத்தான் நீதிமன்றம் தேடும். நாமினிக்கும் இதே நிலைதான். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ள உரியவர். உடைமை வாரிசுகளுக்கு என்று 2010 இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பணம் போட்டவருக்கே பணம் என்ற விதி ஒரு விதத்தில் பெண்ணுக்கும் உதவும். அவள் போட்டது அவளுடையது என்றாகிறது அல்லவா? ஆனால் போட்டதைக் காட்டச் சான்று வேண்டும். வீட்டில் பாவு பிணைத்தும் நூல் சுற்றியும் பெண்கள் செய்த வேலைக்குத் தனிக் கூலியே கிடையாது. அது குடும்பத்தின் தறியில் கரைந்தது. கூலி கிடைத்த இடத்திலும் அது காசாகக் கையில் வந்தது. 1936 ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டம், கூலியை நாணயமாகவோ நோட்டாகவோ தரவேண்டும் என்றது. தொழிலாளி எழுதிக்கொடுத்தால் வங்கியில் போடலாம் என்ற திருத்தம் 1976 இல் வந்தது. அந்தச் சம்மதமே தேவையில்லை, வங்கியில் செலுத்தலாம் என்றானது 2017 இல். திருப்பூர்க் கம்பெனிகளில் சனிக்கிழமை மாலை கைக்கு வந்த சம்பளக் கவர், அன்றிரவே மாமியாரிடமோ கணவனிடமோ போனது. அது யாருடைய உழைப்பு என்பதற்கு எந்தத் தாளிலும் தடம் இல்லை.

மனைவியின் சம்பாத்தியம் அவளுடைய தனிச்சொத்து என்று அறிவித்த சட்டம் ஒன்று 1874 இலேயே இந்தியாவில் வந்துவிட்டது. ஆனால் இந்து, முஸ்லிம், பௌத்த, சீக்கிய, சமணப் பெண்களுக்கு அது பொருந்தாது என்று அதே சட்டம் விலக்கி வைத்தது. நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்திய இந்துச் சட்டத்தில், கல்யாணமான பெண் தன் கைத்தொழிலால் ஈட்டியது கணவன் உயிரோடிருக்கும்வரை அவனுடைய ஆளுகைக்கு உட்பட்டிருந்தது. 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம்தான், ஒரு இந்துப் பெண்ணின் கையில் உள்ள சொத்துக்கு அவளே முழு உரிமையாளர் என்று பொதுவாக அறிவித்தது. சிறுவாட்டை ஒளித்து வைத்த பெண்களில் மூத்த தலைமுறை, தன் உழைப்பின் காசு சட்டப்படியே தன் முழு ஆளுகையில் இல்லாத காலத்தில் கல்யாணம் செய்துகொண்டது. ஒளிப்பது அவர்களுக்குக் கள்ளத்தனமாக இருந்திருக்காது. வேறு பெட்டகம் அவர்களுக்கு இல்லை.

இது நம் ஊர்ப் பெண்ணின் கதை மட்டும் அல்ல. இங்கிலாந்தில் 1943 இல் பிளாக்வெல் வழக்கு நடந்தது. கணவன் கொடுத்த வீட்டுச் செலவுப் பணத்தில் ஒரு மனைவி மிச்சம் பிடித்து, கூட்டுறவுச் சங்கத்தில் தன் பெயரில் போட்டு வைத்திருந்தார். நூற்றுச் சொச்சம் பவுண்டு. பிரிந்த பிறகு கணவன் உரிமை கேட்டார். பணம் அவருடையது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிக்கனம் மனைவியுடையது, மிச்சம் கணவனுடையது! அதைத் திருத்தி, அப்படிப்பட்ட சேமிப்பு இருவருக்கும் சரிபாதி என்று சட்டம் செய்ய அந்நாட்டுக்கு 1964 வரை ஆனது. நம்மிடம் அப்படி ஒரு சட்டம் இன்றும் கிடையாது. 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, பல வருடச் சிறுவாடு ஒரே வாரத்தில் கணவன்மாரின் கண்முன் வெளியே வந்தது. தன் பெயரில் கணக்கு இல்லாதவர்கள், மாற்றித் தரச் சொல்லி யாரிடம் ஒளித்தார்களோ அவரிடமே கொடுக்க வேண்டியிருந்தது.

அப்படியானால் என் மாணவியின் அம்மா சொன்னதுதான் சரியா? அவரவர் சம்பளம் அவரவர் பெயரில் இருந்துவிட்டால் போதுமா? இதற்கு நாராயணி தேவி என்ற பெண்ணின் வழக்கைப் படிக்க வேண்டும்.

நாராயணிக்கு 1955 இல் கல்யாணம். மூன்றே மாதத்தில் கணவர் இறந்தார். புகுந்த வீட்டார் அவரை வெளியேற்றினார்கள். பிறந்த வீடு சேர்த்துக்கொண்டது, படிக்க வைத்தது. வேலைக்குப் போனார். நாற்பது வருடம் கணவர் வீட்டோடு தொடர்பில்லாமல் வாழ்ந்து, 1996 இல் உயில் எழுதாமல் இறந்தார். பல வங்கிக் கணக்குகளில் பணம், சேமநல நிதி, சொத்து எல்லாம் அவர் பெயரிலேயே இருந்தன. அவருடைய தாய் ராம்கிஷோரி உரிமை கேட்டார். கணவரின் சகோதரி மகன்களும் கேட்டார்கள். ஓம்பிரகாஷ் எதிர் ராதாசரண் என்ற அந்த வழக்கில் 2009 இல் உச்ச நீதிமன்றம் கணவரின் சகோதரி மகன்கள் பக்கம் தீர்த்தது. அனுதாபத்தை வைத்துச் சட்டத்தை வளைக்க முடியாது என்பது நீதிமன்றத்தின் நிலை.

சட்டம் என்ன சொல்கிறது? 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15 ஆம் பிரிவின்படி, உயில் எழுதாமல் இறக்கும் இந்துப் பெண்ணின் சொந்தச் சம்பாத்தியம் முதலில் பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் போகும். அவர்கள் இல்லையென்றால் கணவனின் வாரிசுகளுக்கு. அதற்கும் பிறகுதான் அவளுடைய தாய் தகப்பனுக்கு. ஆண் இறந்தாலோ, மனைவி, பிள்ளைகளோடு அவனுடைய தாயும் முதல் வரிசையிலேயே சமபங்கு வாங்குகிறாள். மகனுடைய தாய்க்கு முதல் வரிசை. மகளுடைய தாய்க்கு மூன்றாம் வரிசை. பெண்கள் சொந்தமாகச் சம்பாதிக்கும் இக்காலத்துக்கு ஏற்ப இந்தப் பிரிவைத் திருத்த வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 207 ஆவது அறிக்கையில் 2008 இலேயே பரிந்துரைத்தது. பிரிவு அப்படியே இருக்கிறது. (கிறிஸ்தவ, முஸ்லிம் பெண்களுக்கு வாரிசு விதிகள் வேறு.)

ஆக, தனிக் கணக்கு வாழும்போது பெண்ணுக்குத் தடம் தருகிறது. ஆனால் அவளுக்குப் பின் பணம் எங்கே போகும் என்பதை அது தீர்மானிக்காது. அதை மாற்ற ஒரு உயில் போதும். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. எழுதியவர் கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் உயில் பற்றிப் பேசுவது எங்கள் பக்கத்தில் அபசகுனம். கல்யாணப் பட்டோலையில் பவுன் கணக்கை எழுதுவது மட்டும் சகுனத்தில் சேர்த்தியில்லை.

தனிக் கணக்கில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. இது நீதிமன்றத்துக்கே போகாமல் வீட்டுக்குள் நடப்பது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். அவளுக்கு மாதம் 18,000 ரூபாய் சம்பளம், அவனுக்கு 27,000. மளிகை, பால், கரண்ட் பில், கேஸ், மருந்து, மொய் எல்லாம் சேர்த்து மாதம் 15,000 ஆகிறது. வீடு கட்டிய கடனுக்குத் தவணை 10,000. இருவருக்கும் தனித்தனிக் கணக்கு. "வீட்டுச் செலவை நீ பார்த்துக்கோ, தவணையை நான் கட்டறேன்" என்று பேச்சு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. வீட்டுச் செலவு பெண்ணின் இயல்பான பொறுப்பு என்று நமக்குப் பழக்கமாகிவிட்டதால் யாரும் இதில் குறை காண்பதில்லை.

பத்து வருடம் ஓடட்டும். விலைவாசியும் சம்பளமும் மாறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அவள் செலவழித்தது 18 லட்சம். அவன் கட்டியது 12 லட்சம். அவன் கணக்கில் ஒவ்வொரு மாதமும் தவணைப் பதிவு இருக்கிறது. கடன் அவன் பெயரில், பத்திரமும் அவன் பெயரில். அவள் கட்டிய 18 லட்சத்தில் உருவானது மூன்று வேளைச் சோறும் வளர்ந்த பிள்ளைகளும். அரிசிக்கு யாரும் ரசீது வைத்திருப்பதில்லை. வைத்திருந்தாலும் தின்று தீர்ந்த அரிசியில் பங்கு கேட்க முடியாது. அதிகமாகக் கொடுத்தவளுக்கு எதுவும் மிஞ்சாத இந்த ஏற்பாட்டில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்பதுதான் இதன் வலிமை.

பணம் யாருடையதோ பொருளும் அவருடையது என்ற 1928 இன் தர்க்கத்தை அப்படியே இந்த வீட்டுக்குப் பொருத்தினால் வீடு அவனுக்குத்தான். அந்தத் தர்க்கத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் கம்சலா அம்மாள் வழக்கில் அசைத்துப் பார்த்தது. கணவர் 1983 முதல் 1994 வரை சவுதியில் வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். மனைவி ஊரில் பிள்ளைகளையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு சொத்து வாங்கினார். திரும்பி வந்த கணவர், எல்லாம் என் பணம், மனைவியின் பெயர் வெறும் பெயர்தான் என்றார். நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அதை ஏற்கவில்லை. விடுமுறையில்லாத மனைவியின் வீட்டுவேலை இல்லாமல் கணவர் அந்தப் பணத்தை ஈட்டியிருக்க முடியாது. சொத்து இருவரின் கூட்டு முயற்சியால் வந்தது. அதில் மனைவிக்குச் சரிபாதி என்றார். பெரிய திருப்பம்தான். ஆனாலும் இது ஓர் உயர் நீதிமன்றத் தீர்ப்பு. எல்லாருக்கும் பொருந்தும்படி நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. கம்சலா அம்மாளைப்போல் வருடக்கணக்கில் வழக்கு நடத்த எத்தனை பேரால் முடியும்?

ஆகவே என் மாணவிக்கு நான் சொன்னது, எந்தக் கணக்கு என்பதைவிட எந்தப் பணம் எதற்குப் போகிறது என்பதைப் பார் என்றுதான். மூன்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். சம்பளம் முதலில் அவரவர் தனிக் கணக்கில் விழவேண்டும். அங்கிருந்து சம்பள விகிதப்படி கூட்டுக் கணக்குக்குப் போகட்டும். மேலே சொன்ன தம்பதியின் சம்பளம் இரண்டுக்கு மூன்று. மளிகையும் தவணையும் சேர்ந்த 25,000 இல் அவள் 10,000, அவன் 15,000. அவள் கையில் 8,000 மிஞ்சும், அவன் கையில் 12,000. சரிபாதி என்று ஆளுக்கு 12,500 போட்டால் அவளுக்கு 5,500 தான் மிஞ்சும், அவனுக்கு 14,500. சமம் என்ற சொல் இந்த இடத்தில் அவளுக்கு எதிராக வேலை செய்கிறது.

அரிசியும் தவணையும் ஒரே கூட்டுக் கணக்கிலிருந்து போவதுதான் இதில் முக்கியம். பத்து வருடத்தில் அவள் 12 லட்சமும் அவன் 18 லட்சமும் போட்டிருப்பார்கள். யார் காசு அரிசியானது, யார் காசு செங்கல்லானது என்று பிரிக்க முடியாது. அதனால் பத்திரமும் கடனும் இரண்டு பேர் பெயரிலும் இருக்க வேண்டும். ஏற்கெனவே மாமனார் பெயரில் இருக்கும் இடத்தில் வீடு எழும்பினால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. அங்கே அவள் பணம் போடும் முன் எழுத்தில் ஏதாவது இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் தறிக்குடோனும் வீடும் ஒரே இடத்தில் இருப்பதால் இந்தச் சிக்கல் பல வீடுகளில் உண்டு. தொழில் வரவு செலவை இந்தக் கூட்டுக் கணக்கில் நுழையவிடவும் கூடாது. நூல் பாக்கிக்கு ஒரு மாதம் எடுத்த பணம் அடுத்த மாதம் திரும்பும் என்று நம்பியவர்கள் பலர்.

கணக்கு தொடங்கும்போது இன்னும் சிலவற்றைப் பார்க்க வேண்டும். 'ஃபார்மர் ஆர் சர்வைவர்' என்று குறியிட்டால் முதல் பெயர்க்காரர் மட்டுமே எடுக்க முடியும். இரண்டாமவர் அவர் இறக்கும்வரை காத்திருப்பவர்தான். 'ஜாயின்ட்லி' என்றால் இருவர் கையெழுத்தும் வேண்டும். பாதுகாப்பு அதிகம், ஆனால் அன்றாடம் பால்காரருக்குப் பணம் கொடுக்க உதவாது. வீட்டுச் செலவுக்கு 'ஈதர் ஆர் சர்வைவர்' போதும், ஒரு மாதச் செலவுக்கு மேல் அதில் தேங்கவிடாமல் இருந்தால். குறுஞ்செய்தி யாருடைய கைபேசிக்கு வருகிறது, ஏடிஎம் அட்டை யாருடைய பையில் இருக்கிறது என்பதும் தெரியவேண்டும். இரண்டும் அவனிடம் என்றால், பெயர் இரண்டானாலும் கணக்கு ஒன்றுதான்.

இந்த ஏற்பாட்டுக்கும் எல்லை உண்டு. குழந்தை பிறந்து அவள் வேலையை விட்டால் விகிதம் உடைந்துவிடும். 25,000 முழுவதையும் அவன் போடவேண்டும். அவனிடம் மிஞ்சுவது 2,000. அதில் 1,000 அவளுடைய தனிக் கணக்குக்குப் போகவேண்டும் என்று குழந்தை பிறப்பதற்கு முன்பே பேசி வைக்கச் சொன்னேன். அந்த ஆயிரம் அவன் கொடுக்கும் கைச்செலவுக் காசு என்று அவள் நினைத்துவிடக் கூடாது என்றும் சொன்னேன். அவன் நிம்மதியாக ஷிப்ட்டுக்குப் போய்வருவதற்கு அவள் வீட்டில் செய்யும் வேலை காரணம் என்பதை ஒரு நீதிமன்றமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவள் ஒரு கேள்வி கேட்டாள். "உயிலைப் பத்தி அவர்கிட்ட எப்படிங்க மேம் பேச்செடுக்கறது?" அவனையும் எழுதச் சொல், இரண்டு பேரும் ஒரே நாளில் எழுதுங்கள் என்றேன். அவன் உயிலில் அவனுடைய அம்மாவுக்கு ஒரு பங்கு எழுதட்டும், இவள் உயிலில் இவளுடைய அம்மாவுக்கு ஒரு பங்கு எழுதட்டும். அவன் எழுதாவிட்டாலும் அவன் அம்மாவுக்குச் சட்டம் பங்கு வைத்திருக்கிறது. இவள் எழுதினால்தான் இவள் அம்மாவுக்கு.